பேஸ் கேஸ் எழுதியிருக்கிறேன், ஆனாலும் ஸ்டாக் வளர்ந்துகொண்டே போகிறது. ஏன்?

கயல்_பிசிஏ

எல்லோருக்கும் வணக்கம். ஒரு எண்ணை இரும முறையில் எழுதினால் எத்தனை இலக்கம் வரும் என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். 8 என்றால் இருமத்தில் 1000, ஆக விடை 4 வரவேண்டும்.

```python
def bits(n):
    if n == 0:
        return 0
    return 1 + bits(n / 2)

print(bits(8))
```

ஓட்டினால் நீளமாக ஏதேதோ வந்து கடைசியில் இப்படி நிற்கிறது:

```
  [Previous line repeated 996 more times]
RecursionError: maximum recursion depth exceeded
```

ரிகர்ஷனில், அதாவது தன்னையே அழைக்கும் ஃபங்ஷனில், அழைப்பதை நிறுத்தும் பேஸ் கேஸ் இல்லாவிட்டால்தான் இந்த எரர் வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். எனக்குப் பேஸ் கேஸ் இருக்கிறது, அதுவும் முதல் வரியிலேயே. 8, 4, 2, 1, 0 என்று ஐந்தே அழைப்பில் முடிய வேண்டிய கணக்கு இது. 996 தடவை எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். "ஸ்டாக் வளர்கிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் என்னதான் அடுக்குகிறார்கள்? ஃபங்ஷனின் நகலையா?

---

ராம்கி83

இது சிம்பிள்மா. பைத்தான் ஆயிரம் அழைப்புக்கு மேல் உள்ளே போக விடாது, அது அதோட டீஃபால்ட் வரம்பு. வரம்பைக் கூட்டிவிட்டால் போயிடும்:

```python
import sys
sys.setrecursionlimit(2000)
```

ரிகர்ஷன்னா என்னன்னு கேட்டால், சலூனில் எதிரும் புதிருமா ரெண்டு கண்ணாடி மாட்டியிருப்பாங்க இல்ல, அதுக்குள்ள அது, அதுக்குள்ள அதுன்னு போய்க்கிட்டே இருக்கும். அதேதான். ஃபங்ஷன் தன்னையே நகல் எடுத்து உள்ளே உள்ளே போகுது. மெமரி இருக்கிற வரைக்கும் போகும்.

---

கயல்_பிசிஏ

ராம்கி அண்ணா, நீங்கள் சொன்னபடி 2000 வைத்தேன். எரர் போய்விட்டது. ஆனால் விடை இப்படி வருகிறது:

```
1078
```

4 வரவேண்டிய இடத்தில் 1078! வரம்பைக் கூட்டினால் விடை ஏன் மாறுகிறது?

---

சுடலைமுத்து

தங்கச்சி, இன்டர்வியூவுக்குத்தானே படிக்கிற? ரிகர்ஷனே வேண்டாம், `while` போட்டு எழுதிடு. எந்தக் கம்பெனியிலும் நிஜ வேலையில் ரிகர்ஷன் எழுதினா ரிவ்யூல தூக்கி எறிஞ்சிருவாங்க. ஃபிபனாச்சியைப் பாரு, `fib(40)` போட்டா ஸ்டாக் ரொம்பி அப்படியே தொங்கிரும். லூப்ல எழுதினா கண் சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிரும்.

---

தண்டபாணி

கயல், வரம்பைத் தொடாதீர்கள், பழையபடி 1000-லேயே விடுங்கள். அது உங்களுக்கு நல்லதுதான் செய்தது. ஃபங்ஷனின் முதல் வரியாக `print(n)` மட்டும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இப்படித்தான் தொடங்கும்:

```
8
4.0
2.0
1.0
0.5
0.25
```

நீங்கள் மனதில் ஓட்டியது 8, 4, 2, 1, 0. இயந்திரம் ஓட்டியது அதுவல்ல. பைத்தானில் `/` எப்போதும் தசம எண்ணைத்தான் தரும். ஒன்றைப் பாதியாக்கினால் பூஜ்யம் வராது, அரை வரும். அரையின் பாதி கால். `n == 0` என்ற உங்கள் வாசல் அங்கேயே திறந்துதான் இருக்கிறது. எண் அந்தப் பக்கமே போகாமல், மேலும் மேலும் சிறியதாகிக்கொண்டு கீழே இறங்குகிறது.

அப்படியென்றால் 1078 எப்படி வந்தது, முடியவே கூடாதே என்று கேட்பீர்கள். கணிதத்தில் முடியாதுதான். ஆனால் கணினியின் ஃப்ளோட் 64 பிட்டில் அடங்க வேண்டும். அதில் எழுதக்கூடிய மிகச் சிறிய நேர்ம எண் 2-இன் அடுக்கு −1074. திரையில் `5e-324` என்று காட்டும். அதையும் பாதியாக்கினால் எழுத இடமில்லை, 0.0 ஆகிவிடும். அப்போதுதான் உங்கள் பேஸ் கேஸ் முதன்முறையாக உண்மையாகிறது.

எண்ணிப் பாருங்கள். 8 என்பது 2-இன் அடுக்கு 3. அடுக்கு 3-இலிருந்து −1074 வரை மொத்தம் 1078 படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு `1 +`. அதுதான் உங்கள் விடை.

ஆக, இது முடிவில்லாத ரிகர்ஷன்கூட இல்லை. 1079-ஆவது அழைப்பில் முடிகிற ரிகர்ஷன். 1000 என்ற வரம்பு அதை நடுவில் தடுத்து உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது. வரம்பை 2000 ஆக்கியதும் எச்சரிக்கை போனது, பிழை அப்படியே இருந்தது, சத்தமில்லாமல் தப்பான விடை வந்தது. `/` இருக்கும் இடத்தில் `//` போடுங்கள், 4 வரும்.

பேஸ் கேஸ் எழுதியிருக்கிறதா என்பதோடு கேள்வி நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு அழைப்பும் அதை நோக்கி ஒரு முழு அடி வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேர்ம முழு எண்ணை `//` கொண்டு பாதியாக்கினால் அது முழு எண்ணாகவே குறையும், பூஜ்யத்தைத் தாண்டிப் போக வழியே இல்லை. தசம எண்ணில் அந்த உத்தரவாதம் கிடையாது.

ராம்கி சொன்ன கண்ணாடி உவமையில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடிக்குள் போவது மட்டும்தான் உண்டு, திரும்பி வருவது இல்லை. ரிகர்ஷனில் பாதி வேலை திரும்பி வரும்போதுதான் நடக்கிறது. ஃபங்ஷன் நகல் எடுக்கப்படுவதும் இல்லை. அதை நாளை எழுதுகிறேன், இப்போது கண் ஒத்துழைக்கவில்லை.

---

நிலா_சிபிபி

சுடலைமுத்து அண்ணன் சொன்ன `fib(40)` பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது தொங்குவது உண்மை. ஆனால் ஸ்டாக் நிரம்பியதால் இல்லை.

`fib(30)` எடுத்துக்கொள்வோம். 0-உம் 1-உம் பேஸ் கேஸ் என்றால், மொத்தம் 26,92,537 அழைப்புகள் நடக்கும். ஆனால் எந்த நொடியிலும் ஸ்டாக்கில் முப்பதுக்கு மேல் இருக்காது. 30, 29, 28 என்று 1 வரை இறங்கும், விடை கிடைத்ததும் மேலே ஏறும், பக்கத்துக் கிளையில் மறுபடி இறங்கும். ஒரே முப்பது படியில் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்குகிற வேலை அது. நேரம்தான் போகும், ஆழம் கூடாது. கயலின் `bits(8)` நேர் எதிர். அழைப்புகள் ஆயிரத்துச் சொச்சம்தான், ஆனால் ஒன்றுகூடத் திரும்பாமல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன.

`fib` மெதுவாக ஓடினால் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். `RecursionError` வந்தால் ஆழத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்.

---

சுடலைமுத்து

சரிம்மா, அது ஒத்துக்கறேன். ஆனா லூப்புன்னா இந்தத் தலைவலி ரெண்டுமே இல்லைங்கறது என் கருத்து.

---

தண்டபாணி

கயலின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஃபங்ஷனின் கட்டளைகள் நினைவகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். ஆயிரம் தடவை அழைத்தாலும் கட்டளை ஒரு பிரதிதான். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகக் கிடைப்பது ஒரு ஃப்ரேம். அந்த அழைப்புக்கு மட்டும் சொந்தமான சில விஷயங்கள் அதில் இருக்கும்: இந்த அழைப்பில் `n` எவ்வளவு, பாதியில் நிற்கும் கணக்கு எது, வேலை முடிந்ததும் யாரிடம், எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

`//` போட்டுத் திருத்திய `bits(8)`-ஐ எடுப்போம். பேஸ் கேஸைத் தொடும் அந்த நொடியில் எல்லாவற்றையும் நிறுத்திப் படம் பிடித்தால் ஸ்டாக் இப்படி இருக்கும். புதியது மேலே:

```
bits(0)   n = 0   return 0
bits(1)   n = 1   1 + ?
bits(2)   n = 2   1 + ?
bits(4)   n = 4   1 + ?
bits(8)   n = 8   1 + ?
```

கீழே இருக்கும் நான்கிலும் கேள்விக்குறி. நான்கு பேரும் தங்கள் கூட்டலை ஆரம்பித்துவிட்டு, வலப்பக்க எண்ணுக்காகக் காத்து நிற்கிறார்கள். இதுவரை ஒரு கூட்டல்கூட நடக்கவில்லை. இப்போது `bits(0)` 0-ஐக் கொடுத்துவிட்டு மறைகிறது, அதன் ஃப்ரேம் நீங்குகிறது. `bits(1)`-இன் கேள்விக்குறியில் 0 வந்து விழுகிறது, அது 1-ஐக் கொடுத்துவிட்டுப் போகிறது. `bits(2)` 2-ஐ, `bits(4)` 3-ஐ, `bits(8)` 4-ஐ. மொத்தக் கணக்கும் திரும்பி வரும் வழியில்தான் நடந்தது. ஸ்டாக் வளர்வது என்பது முடிக்காத வேலைகள் சேர்வது. பேஸ் கேஸ் என்பது யாருக்காகவும் காத்திருக்காமல் விடை சொல்லக்கூடிய முதல் ஆள்.

ஒவ்வொரு அழைப்புக்கும் தனி `n` ஏன் தேவை என்பதை நம்பாதவர்கள் இதை ஓட்டிப் பாருங்கள். 1-இலிருந்து ஒரு எண் வரை கூட்டும் ஃபங்ஷன், `n` மட்டும் வேண்டுமென்றே பொதுவில் வைக்கப்பட்டிருக்கிறது:

```python
def total(m):
    global n
    n = m
    if n == 0:
        return 0
    r = total(n - 1)
    return n + r

print(total(3))
```

3+2+1 என்று 6 வரவேண்டும். வருவது 0. பேஸ் கேஸ் சரி. அழைப்புகளும் சரியாக 3, 2, 1, 0 என்று நான்குதான். ஸ்டாக்கும் ஒழுங்காக வளர்ந்து ஒழுங்காக இறங்கியது. ஆனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே `n`. கடைசி அழைப்பு அதைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போனது. திரும்பி வந்த மூன்று பேரும் தங்கள் எண்ணைத் தேடினால் கிடைப்பது பூஜ்யம்.

பழைய ஃபோர்ட்ரானில் ரிகர்ஷன் இல்லாமல் போனதற்கு வேர் இதுதான். ஒரு ஃபங்ஷனின் மாறிகளுக்கும் திரும்ப வேண்டிய முகவரிக்கும் நினைவகத்தில் ஒரு நிலையான இடத்தை ஒதுக்கிவிடும் கம்பைலர்களே அன்று வழக்கம். இரண்டாவது அழைப்பு முதல் அழைப்பின் மீது எழுதிவிடும், திரும்பும் வழியே அழிந்துபோகும். அல்கால் 60 ரிகர்ஷனை அனுமதித்தது. அதை இயந்திரத்தில் நடைமுறைப்படுத்த ஸ்டாக் எப்படிப் போதும் என்பதை அதே 1960-இல் டைக்ஸ்ட்ரா விளக்கி எழுதினார். ஃபோர்ட்ரான் தரத்துக்குள் ரிகர்ஷன் வந்து சேர்ந்தது ஃபோர்ட்ரான் 90-இல்தான்.

---

ராம்கி83

தண்டபாணி சார், மன்னிக்கணும், உங்க உதாரணத்தை நானும் ஓட்டிப் பார்த்தேன். `r` எதுக்குத் தனியான்னு கடைசி ரெண்டு வரியை ஒண்ணாக்கினேன்:

```python
    return n + total(n - 1)
```

`n` இன்னும் குளோபல்தான். ஆனா 6 வருது! அப்போ தனி `n` தேவைங்கற வாதம் அடிபடுதே?

---

தண்டபாணி

ராம்கி, அருமையான இடத்தில் கை வைத்தீர்கள். வாதம் அடிபடவில்லை, இன்னும் உறுதியாகிறது.

பைத்தான் கூட்டலை இடமிருந்து வலமாகச் செய்கிறது. உங்கள் வரியில் முதலில் `n`-இன் மதிப்பு, அதாவது 3, எடுக்கப்பட்டுவிடுகிறது. எடுத்த 3-ஐ எங்கே வைக்கும்? அந்த அழைப்பின் ஃப்ரேமுக்குள்தான், பாதியில் நிற்கும் கணக்கின் இடது பக்கமாக. அதற்குப் பிறகுதான் `total(2)` போகிறது. அது குளோபல் `n`-ஐ என்ன செய்தாலும், பத்திரமாக வைத்த 3-ஐத் தொட முடியாது. நீங்கள் அறியாமலே அந்த எண்ணை ஃப்ரேமுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள்.

வரிசையை மாற்றி `return total(n - 1) + n` என்று எழுதிப் பாருங்கள். மறுபடி 0 வரும். கூட்டலில் இடம் வலம் மாறினால் விடை மாறுகிறது என்றால், காத்திருக்கும்போது எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் ரிகர்ஷனின் உயிர் என்று புரியும்.

---

ராம்கி83

ஓட்டிட்டேன் சார். 0 தான். இதை இத்தனை வருஷம் வேலையில் யாரும் எனக்குக் காட்டினதில்லை. கண்ணாடி உதாரணத்தை வாபஸ் வாங்கிக்கறேன்.

---

இளங்கோ_கணிதம்

நான் கணித ஆசிரியன், நிரல் கொஞ்சம்தான் தெரியும். ஆனாலும் "ஸ்டாக்கில் இருப்பதுதான் ரிகர்ஷனின் உயிர்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

n-இன் இலக்க எண்ணிக்கை, n-இன் பாதியின் இலக்க எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம்; பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இந்த இரண்டு வாக்கியத்தோடு ரிகர்ஷன் முடிந்துவிட்டது. இதில் காத்திருப்பவர் யார், ஃப்ரேம் எங்கே? தொகுத்தறிதல் முறையில் நிறுவும்போது நான் முதல் படியைக் காட்டுகிறேன், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவதைக் காட்டுகிறேன், முடிந்தது. மாணவர்களை ஸ்டாக்குக்குள் இறக்கினால் அவர்கள் ஒவ்வொரு அழைப்பையும் மனதில் பின்தொடரப் பார்த்து மூன்றாவது படியில் தொலைந்துபோகிறார்கள். "சின்ன எண்ணுக்கு விடை சரியாக வரும் என்று நம்பு, அதை வைத்து உன் எண்ணுக்குச் சொல்" என்றால் பிடித்துக்கொள்கிறார்கள்.

இயந்திரமே ஸ்டாக் இல்லாமலும் இதைச் செய்யும் என்று என் பழைய மாணவர் ஒருவர் காட்டினார். இதே `bits`-ஐ சி மொழியில் எழுதி ஜிசிசியில் `-O2` கொடுத்தால், கம்பைலர் அதை வெறும் லூப்பாக மாற்றிவிடுகிறது. அழைப்பும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. எழுதியது ரிகர்ஷன்தானே?

---

தண்டபாணி

இளங்கோ சார், வரையறை என்ற அளவில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. எழுதும்போது நானும் அப்படித்தான் நம்பி எழுதுகிறேன். ஆனால் கயலின் முதல் நிரலை உங்கள் இரண்டு வாக்கியத்தால் மட்டும் சோதித்தால் தேறிவிடும்: பூஜ்யத்துக்குப் பூஜ்யம், மற்றபடி பாதிக்கு ஒன்று கூட. "பாதி" என்ற சொல்லுக்கு இயந்திரம் என்ன பொருள் கொண்டது என்பது இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கம்பைலர் லூப்பாக்குவது உண்மை. ஆனால் அது எல்லா ரிகர்ஷனுக்கும் நடக்காது. `bits`-இல் ஒவ்வொருவரும் காத்திருப்பது ஒரே மாதிரியான `1 +` என்ற வேலைக்காக. அத்தனை காத்திருப்பையும் ஒரு எண்ணியில் சுருக்கிவிடலாம். இரண்டு பக்கமும் கிளை பிரியும் மரத்தைச் சுற்றிவரும் ஃபங்ஷனில் அப்படிச் சுருக்க முடியாது, எந்தக் கிளை மிச்சம் என்று எங்காவது குறித்துவைத்தே ஆகவேண்டும். லூப்பாக எழுதினாலும் அந்தக் குறிப்பை நீங்களே ஒரு லிஸ்டில் வைத்துக்கொள்வீர்கள். பைத்தானோ எளிய வடிவத்தைக்கூட லூப்பாக்காது, ஒவ்வொரு அழைப்புக்கும் ஃப்ரேம் போட்டே தீரும்.

---

இளங்கோ_கணிதம்

மரத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனாலும் எதை முதலில் கற்பிப்பது என்பதில் என் கருத்து மாறவில்லை. முதலில் நம்பிக்கை, பிறகு ஸ்டாக்.

---

நிலா_சிபிபி

நான் வேலையில் பார்த்த ஒன்று. நான் ரிகர்ஷனே எழுதவில்லை, ஆனாலும் ஸ்டாக் வெடித்தது.

சி பிளஸ் பிளஸில் லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவை `std::unique_ptr` மூலம் வைத்திருக்கும்:

```cpp
struct Node {
    int value;
    std::unique_ptr<Node> next;
};
```

சேர்ப்பது, தேடுவது எல்லாம் லூப். சோதனைத் தரவில் அழகாக ஓடியது. உண்மையான பெரிய தரவைக் கொடுத்ததும், எல்லா வேலையும் முடித்து, விடையையும் எழுதிவிட்டு, நிரல் வெளியேறும்போது விண்டோஸில் `0xC00000FD` என்று விழுந்தது. வேலை முடிந்தபின் விழுகிற நிரலை எங்கே தேடுவது?

டீபக்கரைத் திறந்து கால் ஸ்டாக் சன்னலைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. அதே இரண்டு மூன்று பெயர்கள், முடிவே இல்லாமல் மாறி மாறி. லிஸ்ட்டின் தலை அழியும்போது அது தன் `next`-ஐ அழிக்கும், அது தன் `next`-ஐ. முதல் கணு முழுதாக அழிய இரண்டாவது முடிய வேண்டும், அது முடிய மூன்றாவது. கணு அழியும்போது தானாக ஓடும், நான் எழுதாத டிஸ்ட்ரக்டர், கணுவுக்கு ஒரு படி ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது.

பேஸ் கேஸ் இருந்தது, கடைசி கணுவின் `next` காலிதான். நிச்சயமாக அதை அடையவும் செய்யும். ஆனால் அதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. விண்டோஸில் ஒரு நிரலுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக் 1 எம்பி. கணு ஒன்றுக்கு 200 பைட் போகிறது என்று வைத்தால் ஐயாயிரத்துச் சொச்சம் கணுக்களில் தீர்ந்துவிடும். லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, `ulimit -s` என்று கேட்டால் 8192 என்று சொல்லும். அதனால் அதே நிரல் ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் விழுந்து ஆளைக் குழப்பும். பைத்தான் மாதிரி வரி எண்ணோடு எரர் சொல்லும் கருணையெல்லாம் இங்கே கிடையாது. லினக்ஸில் `Segmentation fault` என்ற ஒரே வரிதான்.

லிஸ்ட் அழியும் இடத்தில் இந்த ஒரு வரி போட்டதும் தீர்ந்தது:

```cpp
while (head) head = std::move(head->next);
```

ஒவ்வொரு கணுவும் அழியும்போது அதன் கையில் `next` இருக்காது, அதனால் யாருக்காகவும் காத்திருக்காது.

ஆக என் கணக்கில் கேள்விகள் மூன்று. பேஸ் கேஸ் இருக்கிறதா, ஒவ்வொரு அடியும் அதை நோக்கிப் போகிறதா, போய்ச் சேரும்வரை ஸ்டாக் தாங்குமா. கயலுக்கு இடித்தது இரண்டாவது. எனக்கு மூன்றாவது.

---

சுடலைமுத்து

பாத்தீங்களா, கடைசில லூப்தான் காப்பாத்திச்சு!

---

நிலா_சிபிபி

இந்த இடத்தில் ஆமாம் அண்ணா, ஏனென்றால் லிஸ்ட்டின் ஆழமே அதன் நீளம்தான். ஆனால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் தேடும் நிரல் எங்களிடம் ரிகர்ஷனில்தான் இருக்கிறது, யாரும் தூக்கி எறியவில்லை. ஃபைல்கள் லட்சம் இருந்தாலும் ஃபோல்டர்களின் ஆழம் சில பத்துகளைத் தாண்டுவது அபூர்வம்.

---

கயல்_பிசிஏ

எல்லோருக்கும் மிக்க நன்றி. `//` போட்டதும் 4 வந்தது. தண்டபாணி சாரின் படத்தை நோட்டில் வரைந்து, ஒவ்வொரு கேள்விக்குறியாக நிரப்பிப் பார்த்தேன்.

ஆனால் எதிர்ம எண் கொடுத்தால் என்ன ஆகும் என்று `bits(-8)` போட்டேன். மறுபடி அதே `RecursionError`! இப்போது தசமம் எதுவும் இல்லை. `print(n)` போட்டால்:

```
-8
-4
-2
-1
-1
-1
```

−1-லேயே நிற்கிறது. இதற்கும் வரம்பு 2000 வைத்தால் ஏதாவது விடை வருமா என்று பார்த்தேன், வரவில்லை.

---

தண்டபாணி

வராது. முதல் நிரல் ஆழமானது, ஆனால் முடிவது. இது உண்மையிலேயே முடிவில்லாதது. எரர் வாசகம் இரண்டுக்கும் ஒன்றுதான், வேறுபாட்டை `print(n)` மட்டுமே காட்டும். முதலாவதில் எண் மாறிக்கொண்டே இருந்தது, இதில் மாறாமல் நின்றுவிட்டது.

பைத்தானின் `//` கீழ்நோக்கி முழுமையாக்கும். −1-இன் பாதி −0.5, அதற்குக் கீழே உள்ள முழு எண் −1. ஆக `-1 // 2` மறுபடி −1. சி மொழியில் `-1 / 2` பூஜ்யத்தை நோக்கி வெட்டப்படும், விடை 0. அதனால் இதே ஃபங்ஷனை சி-யில் எழுதினால் `bits(-8)` அமைதியாக 4 என்று சொல்லிவிட்டு முடிந்துவிடும்.

இதற்கு வரம்பை மிகப் பெரிதாக வைத்துச் சோதிக்க வேண்டாம். பைத்தான் 3.11-இலிருந்து இப்படிப்பட்ட சாதாரணப் பைத்தான் அழைப்புகள் சி ஸ்டாக்கைப் பயன்படுத்துவதில்லை, ஃப்ரேம்கள் பொது நினைவகத்தில் சேரும். உங்கள் கணினியின் ரேம் தீரும்வரை −1, −1 என்று அடுக்கிக்கொண்டே போகும்.

---

ராம்கி83

`if n <= 0: return 0` ன்னு மாத்திட்டா?

---

நிலா_சிபிபி

நின்றுவிடும். ஆனால் `bits(-8)`-க்கு 0 என்று சொல்லும். 8-க்கு நான்கு இலக்கம், −8-க்கு ஒன்றுமில்லையா? பைத்தானிலேயே இருக்கும் `(-8).bit_length()` 4 என்கிறது, குறியை விட்டுவிட்டு எண்ணுகிறது. நானாக இருந்தால் எதிர்ம எண் வந்தால் வாசலிலேயே `ValueError` எழுப்பி நிறுத்திவிடுவேன்.

---

இளங்கோ_கணிதம்

எனக்கு `bit_length` செய்வதுதான் சரி என்று படுகிறது. இலக்கங்களை எண்ணும்போது குறியை யாரும் சேர்ப்பதில்லை. முதலில் `abs(n)` எடுத்துவிட்டு உள்ளே அனுப்பலாமே.

---

கயல்_பிசிஏ

சார், `abs`-ஐ ஃபங்ஷனுக்குள்ளேயே போட்டால் ஒவ்வொரு அழைப்பிலும் தேவையில்லாமல் ஓடும் இல்லையா? அதனால் வெளியே ஒரு ஃபங்ஷன், உள்ளே ரிகர்ஷன் செய்யும் இன்னொன்று என்று பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிர்ம எண்ணுக்கு எரரா, `abs`-ஆ என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உள்ளே போகும் எண் மட்டும் பூஜ்யமோ அதற்கு மேலோ முழு எண்ணாகவே இருக்கும்படி வெளி ஃபங்ஷன் பார்த்துக்கொள்ளும்.